சண்டேயும் வண்டியும்: காட்பாடியில் எழுதிய ஒரு கோரஸின் நிகழ்வு ஆய்வு

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தனிப்பாடலின் கோரஸ் மட்டுமே. பாடலுக்கு மெட்டமைத்தவர் காட்பாடியைச் சேர்ந்த இளைஞர். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் ஊர் திரும்புகிறவர். பாடல் வரிகளுக்காக அவர் என்னிடம் வந்தபோது மெட்டும், கோரஸுக்கு அவரே எழுதிவைத்த இரண்டு வரிகளும் தயாராக இருந்தன. ஞாயிறு இரவு காட்பாடி சந்திப்பிலிருந்து ரயிலேறிப் போகிற ஒருவன், வழியனுப்ப வருகிறவளிடம் பேசுவதுதான் பாட்டின் சூழல். தமிழும் ஆங்கிலமும் கலந்து இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவரும் அவருடைய நண்பர்களும் உண்மையில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால் அந்த விருப்பம் நியாயமானது. ஆனால் அவர் எழுதிவைத்திருந்த வரிகள், அவரைப் போன்ற ஒருவர் பேசுவதைப் போல இல்லை. ஏன் இல்லை என்பதையும், அது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதையும் படிப்படியாகப் பதிவு செய்கிறேன்.

முதலில் மெட்டு. வேகம் நிமிடத்துக்கு 90 பீட். நான்கு பீட் கொண்ட சுற்று. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சுற்றுகள். தத்தகாரத்தில் சொன்னால் ஒற்றைப்படை வரிகள் ‘தான தான தான தான’ என்றும், இரட்டைப்படை வரிகள் ‘தான தான தான தா’ என்றும் நடக்கும். இதில் ‘தா’ ஒன்றரை பீட் நீளும், ‘ன’ அரை பீட்டில் முடிந்துவிடும். இந்த வேகத்தில் ஒன்றரை பீட் என்பது சரியாக ஒரு நொடி. அரை பீட் என்பது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நீளும் இடத்துக்கும் குறுகும் இடத்துக்கும் இடையே மூன்று மடங்கு வேறுபாடு இருக்கிறது. பாட்டின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தன.

அவர் கொண்டுவந்த வரிகள் இவை:

மை ஹார்ட் இஸ் உன் பேரைப் பாடும்
மிஸ்ஸிங் உன்னை ஃபார் எவர்

எண்ணிப் பார்த்தால் அசைகள் மெட்டில் சரியாகவே உட்கார்கின்றன. முதல் வரியில் எட்டு, இரண்டாவதில் ஏழு. சந்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் வாதிட்டதும் உண்மைதான். இருந்தும் பாடிக் காட்டியபோது, வாராவாரம் அதே பெங்களூர் ரயிலில் போய்வருகிற அவருடைய தங்கை, “அண்ணா, இது யார் பேசுறாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைவிடத் துல்லியமான விமரிசனம் இந்த வரிகளுக்குக் கிடைக்காது. இப்படிப் பேசுகிற மனிதர் காட்பாடியிலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை.

முதல் காரணம் வாக்கியத்தின் சட்டகம். நாம் கலந்து பேசும்போது இரண்டு மொழிகளும் சம உரிமையோடு கலப்பதில்லை. ஒரு மொழி வாக்கியத்தைக் கட்டுகிறது. மற்றொன்று அந்தக் கட்டுக்குள் சொற்களை மட்டும் கொடுக்கிறது. மொழிக்கலப்பை ஆராய்ந்த கரோல் மையர்ஸ் ஸ்காட்டன் என்ற மொழியியலாளர் இதையே தம் கோட்பாட்டின் அடித்தளமாக வைத்தார். தமிழர் பேச்சில் இதை நாள்தோறும் கேட்கலாம். ‘பஸ்ஸை விட்டுட்டேன்’, ‘ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சு’, ‘மெசேஜ் பண்ணினேன்’ என்று ஆங்கிலப் பெயர்ச்சொல் வந்து நம் வேற்றுமை உருபை ஏற்றுக்கொள்கிறது. ஆங்கில வினை வந்து ‘பண்ணு’ என்பதன் துணையோடு நிற்கிறது. ஆங்கிலப் பெயரடை ‘ஆ’ என்ற ஒட்டைப் பெற்று வினையடையாகிறது. உருபும் காலமும் வினைமுற்றும் தமிழுடையவை. ஆங்கிலத்தின் ‘மை’, ‘இஸ்’, ‘ஃபார்’ போன்ற சிறு சொற்கள் இந்தச் சட்டகத்துக்குள் தனியாக நுழைவதே இல்லை. ‘மை ஹார்ட் இஸ்’ என்று தொடங்கினால் ஆங்கிலம் சட்டகத்தை எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். அதன் பிறகு ‘உன் பேரைப் பாடும்’ என்று தமிழ் வினைமுற்று வந்தால் ஒரே வாக்கியத்துக்கு இரண்டு கட்டுமானங்கள் ஆகிவிடுகின்றன. இரண்டாவது வரியிலும் அதேதான்: ‘மிஸ்ஸிங்’ என்ற வினை முன்னால் நின்று, அதன் செயப்படுபொருள் ‘உன்னை’ என்று தமிழ் உருபோடு பின்னால் வருகிறது. தமிழில் வினை கடைசியில் வரும் என்பது பேச்சில் தளர்வதுண்டு. ஆனால் ஆங்கில வினைக்குப் பின்னால் தமிழ் இரண்டாம் வேற்றுமை வருவது எந்தத் தளர்விலும் நேர்வதில்லை.

இரண்டாவது காரணம் அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் சொல் மாறிப்போவதில்லை. நமக்கு முக்கியம் நெட்டெழுத்தும் குற்றெழுத்தும். ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் உடம்போடு சேர்ந்தது. ‘ஃபார் எவர்’ என்பதில் அழுத்தம் நடுவில் உள்ள ‘எ’வின் மேல் விழ வேண்டும். மெட்டிலோ ‘ஃபார்’ ஒரு நொடி நீள்கிறது, ‘எ’ அரை பீட்டில் நசுங்குகிறது, ‘வர்’ மறுபடியும் நீள்கிறது. முதல் வரி இன்னும் மோசம். ‘மை’ முதல் பீட்டிலும் ‘இஸ்’ மூன்றாவது பீட்டிலும் உட்கார்ந்து நீள, வரியின் உயிரான ‘ஹார்ட்’ இடையில் அரை பீட்டில் மறைந்துபோகிறது. பொருளில்லாத இரண்டு சொற்களுக்கு மரியாதையும் பொருளுள்ள சொல்லுக்கு நெரிசலும் கிடைத்தால், கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ செயற்கையாக இருக்கிறது என்று படும். சந்தம் சரியாக இருந்தும் வரி ஒட்டாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தத்தகாரம் அசைகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் காட்டுமே தவிர, ஆங்கிலச் சொல்லின் அழுத்தத்தைக் காட்டாது. ஆகவே ஆங்கிலச் சொல் வரும் இடங்களில், அதன் அழுத்தமான அசை எது என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அது முதல் அல்லது மூன்றாம் பீட்டில் விழுகிறதா என்று பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இவற்றைப் பேசிய பிறகு அவர் ஒரு மாற்று வரி சொன்னார்: ‘ஹார்ட்டு உன்ன மிஸ்ஸு பண்ணும்.’ இது பெரிய முன்னேற்றம். சட்டகம் தமிழுடையது, ‘ஹார்ட்’, ‘மிஸ்’ இரண்டும் வலுவான பீட்டில் விழுகின்றன. ஆனாலும் இரண்டு குறைகள் மிஞ்சின. முதலாவது, ‘பண்ணு’ என்பதன் விலை. ஆங்கில வினையைத் தமிழில் கொண்டுவர அது வேண்டும். ஆனால் அது தன்னளவில் பொருள் தராத துணைவினை. எட்டு அசை கொண்ட வரியில் இரண்டு அசைகளை அது எடுத்துக்கொள்வதோடு, இந்த மெட்டில் ‘பண்’ ஒரு நொடி நீளும் இடத்திலும் வந்து உட்கார்ந்தது. ‘பண்ணு’ சேர்ந்த வினைகளைச் சரணத்தின் வேகமான இடங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம். நீண்ட சுரங்கள் உள்ள கோரஸில், குறிப்பாக வரியின் முடிவில், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது குறை, ‘ஹார்ட்டு’ என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் வேலை இல்லை என்பது. அதை எடுத்துவிட்டு ‘நெஞ்சு’ என்று போட்டால் சந்தமும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை, பேச்சு நடையும் கெடவில்லை. அப்படியானால் ஆங்கிலச் சொல் அங்கே அலங்காரமாக மட்டும் நிற்கிறது. காதலையும் இதயத்தையும் ஆங்கிலத்தில் சொன்னால் பாட்டு இளமையாக ஒலிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் நிலைமை நேர்மாறானது: உணர்ச்சிச் சொற்களில் ஆங்கிலம் வந்தால் அது சுவரொட்டி வாசகமாகிவிடுகிறது, நேரம், கிழமை, வேலை, வண்டி, போன் ஆகிய புழங்கு பொருள்களில் வந்தால் அது பேச்சாகிறது.

அதனால் உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிட்டு, அந்த ஞாயிறு இரவில் நடப்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். வேலூரில் இருப்பவர்கள் பெங்களூருக்கோ சென்னைக்கோ ரயிலேற வேண்டுமானால் பெரும்பாலும் பாலாற்றைக் கடந்து காட்பாடிக்குத்தான் போக வேண்டும். வேலூர் கன்டோன்மென்ட் நிலையம் விழுப்புரம் பாதையில் இருக்கிறது, சென்னை–ஜோலார்பேட்டை முதன்மைப் பாதையில் இல்லை. ஆகவே இந்த ஊரில் பிரிவு என்பதே ‘காட்பாடி வரைக்கும் வா’ என்ற கேட்புடன்தான் தொடங்குகிறது. பிரிகிறவன் மனதில் இருக்கும் ஆசையும் மிக எளியது: வண்டி தாமதமாக வரட்டும். இந்த இரண்டையும் வைத்து எழுதிய வரிகள்:

சண்டே நைட்டு வந்தே போச்சு
காட்பாடிக்குக் கூட வா
ட்ரெய்னு லேட்டா வந்தா போதும்
பாக்கி எல்லாம் பேசவா

மூன்றாவது வரியைக் கேட்டதும் அந்தத் தங்கை, “இதை நான் போன வாரம்தான் சொன்னேன்” என்றார். கோரஸின் மையம் அந்த வரிதான் என்பது அப்போது உறுதியாயிற்று. ஆனால் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் ‘ஹார்ட்டு’க்கு வைத்த அதே கேள்வியில் நிறுத்த வேண்டியிருந்தது. ‘லேட்டா’ தேறியது. ‘தாமதமாக’ என்பது ரயில் நிலைய ஒலிபெருக்கியின் சொல். நடைமேடையில் நிற்பவர் வாயில் அது வருவதில்லை. ‘சண்டே நைட்டு’ம் தேறியது. ‘ஞாயித்துக்கிழமை ராத்திரி’ என்பது இயல்பான பேச்சுதான். ஆனால் மறுநாள் காலை அலுவலகத்தில் இருக்க வேண்டியவர்களிடம் ‘சண்டே நைட்டு’ என்பதற்கு, விடுமுறை முடிந்தது என்ற கூடுதல் கனம் இருக்கிறது.

‘ட்ரெய்னு’ தேறவில்லை. காட்பாடிக்காரர்கள் ரயிலை ‘வண்டி’ என்றே சாதாரணமாகச் சொல்கிறார்கள். முந்தின வரியில் ‘காட்பாடி’ வந்துவிட்டதால் எந்த வண்டி என்ற ஐயமும் எழாது. ‘வண்டி லேட்டா வந்தா போதும்’ என்று மாற்றியவுடன் எதிர்பாராத இரண்டு நன்மைகள் கிடைத்தன. ‘வண்டி’யும் ‘வந்தா’வும் ஒரே எழுத்தில் தொடங்கி வரிக்குள் மோனையாகின. அதைவிட முக்கியமானது, முதல் வரியின் ‘சண்டே’யும் மூன்றாம் வரியின் ‘வண்டி’யும் எதுகையாகின. இரண்டிலும் முதலெழுத்து குறில். இரண்டாம் எழுத்து ‘ண்’. மூன்றாவதும் டகர வரிசை. ஆங்கிலத்திலிருந்து வந்த கிழமைப் பெயர் தமிழ்ச் சொல்லோடு எதுகையில் கட்டுண்டவுடன், அது வெளியிலிருந்து வந்ததாகவே காதுக்குத் தோன்றவில்லை. இதை ஓர் உத்தியாகவே சொல்லத் துணிகிறேன்: ஆங்கிலச் சொல்லை இன்னோர் ஆங்கிலச் சொல்லோடு இயைபாக்கினால் கலப்பு துருத்திக்கொண்டு தெரியும், தமிழ்ச் சொல்லோடு எதுகையாக்கினால் அது வரிக்குள் கரைந்துவிடும். இயைபை ‘கூட வா’, ‘பேசவா’ என்று முழுக்கத் தமிழிலேயே வைத்ததும் இந்தக் காரணத்தால்தான். ‘பாக்கி’யும் பிற மொழியிலிருந்து வந்த சொல்தான், உருது நெடுங்காலமாகப் புழங்கும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் அதைக் கடன் சொல் என்று யாரும் நினைப்பதில்லை. இன்று ‘லேட்டு’ அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

தாளில் முடிந்த வரிகள் வாயில் முடியவில்லை. ட்ராக் பாடிப் பார்த்தபோது முதல் வரி தவறாகக் கேட்டது. ‘தான’ என்ற நடையில் ‘சண்’ ஒரு நொடி நீண்டு, ‘டே’ அரை பீட்டில் குறுகியது. குறுகிய ‘டே’ காதில் ‘ட’ ஆனது. ‘சண்டே நைட்டு’ என்பது ‘சண்ட நைட்டு’ என்று, ஏதோ சண்டை நடந்த இரவாகக் கேட்டது. இரண்டாம் வரியிலும் அதே நோய். ‘காட்பாடிக்கு’ என்பதில் ‘பா’ குறுகி ‘டிக்’ நீண்டதால், உள்ளூர்க்காரரின் காதுக்கே ஊர்ப் பெயர் ‘காட்படீக்கு’ என்று ஆயிற்று. நெடில் குறுகுவது எல்லா இடத்திலும் கேடல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ‘வந்தே’, ‘லேட்டா’, ‘எல்லாம்’ ஆகியவற்றிலும் இரண்டாம் அசை குறுகத்தான் செய்கிறது. ஆனால் அவை வேறு சொல்லாக மாறுவதில்லை, பேச்சிலும் அந்த இடங்கள் குறுகியே ஒலிக்கின்றன. குறுகினால் வேறு சொல் பிறக்கிறதா, பெயர் சிதைகிறதா என்பதே கேள்வி.

இந்த இடத்தில் வரியை மாற்றுவதா மெட்டை மாற்றுவதா என்று நெடுநேரம் பேசினோம். மெட்டமைத்தவர் மெட்டை மாற்ற முன்வந்தது நல்ல முடிவு. முதல் இரண்டு வரிகளின் முதல் சுற்றை மட்டும் ‘தான தான’ என்பதிலிருந்து நான்கு சம பீட்டுகளாக ஆக்கினார். இப்போது சண் – டே – நைட் – டு என்றும், காட் – பா – டிக் – கு என்றும் அசைக்கு ஒரு பீட்டாக நடந்தது. நெடில்களுக்கு இடம் கிடைத்தது. ‘சண்’, ‘நைட்’ இரண்டும் முதல், மூன்றாம் பீட்டில் நின்றதால் ஆங்கில அழுத்தமும் குலையவில்லை. மூன்றாம் வரி பழைய ‘தான’ நடையிலேயே தொடங்கியதால் அங்கே ஓர் ஊசலாட்டம் வந்து, ‘வண்டி லேட்டா’ தனித்துக் கேட்டது.

ஆனால் சம பீட்டால் ஒரு புதிய சிக்கல் முளைத்தது. ‘நைட்டு’வின் ‘டு’வுக்கும் ‘காட்பாடிக்கு’வின் ‘கு’வுக்கும் முழு பீட் கிடைத்ததால் பாடகர் அவற்றை நிரப்பிப் பாட, ‘நைட்டூ’, ‘காட்பாடிக்கூ’ என்று கேலிப் பாட்டைப் போல ஒலித்தது. இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. சொல்லின் இறுதியில் வல்லின மெய்யின் மேல் ஏறி வரும் இந்த உகரம் குற்றியலுகரம். அதன் அளவு அரை மாத்திரைதான். ‘காட்பாடிக்கு’வில் உள்ள ‘கு’ என்ற தமிழ் உருபுக்கு எது விதியோ அதுவே, ‘நைட்டு’, ‘லேட்டு’ என்று நாம் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் சேர்த்துக்கொள்ளும் உகரத்துக்கும் பொருந்தும். பேச்சில் நாமே அதைத் தொட்டும் தொடாமலும்தான் சொல்கிறோம். ஆகவே பாடகர் அந்த உகரத்தைத் தொட்டவுடன் விட்டுவிட்டு, பீட்டின் மிச்சத்தை மௌனமாக விட்டார். வரி உடனே பேச்சுக்குத் திரும்பியது. கலப்புக் கோரஸ்களில் நான் அதிகம் கேட்கும் பிழை, இந்த உகரத்தை நீண்ட சுரத்தில் வைப்பதுதான். அதைத் தவிர்க்க முடியாத மெட்டாக இருந்தால் அந்த இடத்துக்கு வேறு சொல் தேட வேண்டும்.

நான்கு வரிகளுக்குப் பிறகு மீண்டும் மீண்டும் வரும் ஒரு சிறு தொடர் தேவைப்பட்டது. ‘இன்னும் ஃபைவ் மினிட்ஸ்’ என்று வைத்தோம். ‘அஞ்சு நிமிஷம்’ என்பதும் அதே எளிமையில் புழங்குகிறது என்பதால், மேலே சொன்ன கேள்வி இங்கும் எழுந்தது. தயங்கித்தான் ஆங்கிலத்தை விட்டுவைத்தேன். கிளம்ப மனமில்லாதவர் கெஞ்சும்போது இந்தத் தலைமுறை சொல்லும் தொடர் அது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒலி: முதல் பீட்டில் இரண்டு பீட் நீளும் சுரம் ஒன்று இருந்தது, அதில் ‘அஞ்’ என்ற மெல்லின அடைப்பைவிட ‘ஃபைவ்’ திறந்து ஒலிக்கிறது. ‘இன்னும்’ முந்தின சுற்றின் கடைசி பீட்டில் இரண்டு அரை பீட்டுகளாக வந்து விழ, ‘ஃபைவ்’ நீள்கிறது, ‘மினிட்ஸ்’ மூன்றாம் பீட்டில் சுருக்கமாக முடிகிறது. ‘மி’ அழுத்தமான அசையாக இருந்தும் குறில் என்பதால் அதை நீட்டக் கூடாது; நீட்டினால் ‘மீனிட்ஸ்’ ஆகிவிடும். அழுத்தம் வேறு, நீளம் வேறு என்பதற்கு இது நல்ல சான்று. ‘ஃபைவ்’ நீளும்போது ‘ஃபா’ என்ற திறந்த ஒலியில் நின்று, முடிவில் மட்டும் ‘ய்வ்’ என்று மூட வேண்டும். தொடக்கத்திலேயே மூடினால் குரல் மூக்கில் ஏறும்.

உச்சரிப்பு பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பாடகர் ஆங்கிலவழியில் படித்தவர். ‘லேட்டா’ என்பதை முதலில் ஆங்கில வாயோடு, காற்று கலந்த ஒற்றை ‘ட்’ வைத்துப் பாடினார். தமிழ் உருபு ஏற்ற சொல்லைத் தமிழ் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ‘ட்ட’ இரட்டித்து ஒலித்தவுடன் அது ‘வந்தா’வோடு சேர்ந்தது. ‘ஃபைவ் மினிட்ஸ்’ உருபு ஏற்காத தொடர் என்பதால் அதில் அவருடைய இயல்பான உச்சரிப்பையே விட்டுவிட்டோம்.

ஒலிப்பதிவில் நான்கு குரல்கள் ஒன்றாகப் பாடும் இடத்தில் ‘மினிட்ஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ ஆளுக்கு ஒரு நேரத்தில் விழுந்து சீறியது. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் உயிரிலோ, மெல்லின இடையின மெய்யிலோ முடிவதால் கூட்டுக் குரலில் இந்தத் தொல்லை அரிது. ஆங்கிலத் தொடரை வரி முடிவில் வைத்தால் அது கூடவே வரும். முதன்மைக் குரல் மட்டும் ‘ஸ்’ஸைச் சொல்ல, மற்ற மூவரும் ‘மினிட்’ என்று நிறுத்திக்கொள்ள ஏற்பாடு செய்தோம். கேட்கும்போது நால்வரும் சேர்ந்து முடித்ததாகவே இருக்கிறது.

சரணங்களில் ஆங்கிலத்தை ஏறக்குறைய விலக்கிவிட்டு, வட ஆர்க்காட்டுப் பேச்சு நடையை மட்டும் வைத்தோம். மெட்டமைத்தவர் ஒரு சரணத்தில் ‘நிலவே’, ‘மலரே’ என்ற விளிகளைக் கேட்டார், நான் உடன்படவில்லை. செய்யுள் வழக்கிலிருந்து வந்து ‘லேட்டா’வில் இறங்கினால், நன்றாகக் கட்டிய கோரஸும் ஒட்டவைத்ததாகத் தெரியும். பாலாத்துப் பாலத்தில் பைக் மெதுவாகப் போவதையும், பின்னால் உட்கார்ந்தவள் பையை மடியில் வைத்துக்கொள்வதையும் பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவற்றின் கடைசிச் சொல் ஒவ்வொரு முறையும் ‘சண்டே’க்கு முன்னால் ஒரு பீட் மூச்சுவிட இடம் தருகிறது.